பங்குத்தந்தைக்கு ஒரு தாயின் கடிதம்

மகள் கத்தோலிக்கர், மாப்பிள்ளை இந்து. தகப்பனார் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். கோயிலில் எளிமையாகக் கல்யாணம் முடிக்க நினைக்கும் தாய், பங்குத்தந்தைக்கு என்ன எழுதுவது?

“மதிப்பிற்குரிய சுவாமி, என் மகள் திருமணத்தில் அவள் அப்பாவுக்குச் சம்மதமில்லை. எனக்கு முழுச் சம்மதம். ஆடம்பரம் வேண்டாம், நீங்கள் மந்திரித்து நடத்தி வைத்தால் போதும்.” உள்ளதை மறைக்காத இந்த நாலு வரி போதும்.

மணமக்கள் வயது வந்தவர்கள் என்றால், தகப்பனின் மறுப்பு மட்டுமே திருமணத்தைச் செல்லாததாக்காது. ஆனால் மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் ஆயரின் விதிவிலக்கு கட்டாயம். அது இல்லாமல் நடந்தால் திருச்சபைச் சட்டப்படி திருமணம் செல்லாது. அதைப் பெற, தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க இயன்றதைச் செய்வதாகவும் மகள் வாக்குறுதி தர வேண்டும். மாப்பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே கடிதம் போய்ச் சேரட்டும். இத்தகைய திருமணம் திருப்பலியின்றியே நடக்கும்: வாசகம், சம்மத வார்த்தைப்பாடு, ஆசீர், இரண்டு சாட்சிகள். தாய் கேட்ட எளிமை சடங்கிலேயே இருக்கிறது.