உஷார்! பக்கத்தில் ஊதுவது நீராவி இல்லை

"சிகரெட் இல்லீங்க, வெறும் தண்ணி ஆவிதான்" என்று சொல்லி யாராவது உங்கள் பக்கத்தில் வேப் ஊதினால் நம்பிவிடாதீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தினமும் காருக்குள் ஊதுகிறவரின் வண்டியில் முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். தண்ணீர் என்றால் காய்ந்தபின் ஏது பிசுக்கு?

வேப் திரவத்தில் பெரும்பகுதி கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும்தான். கூடவே நிகோட்டின், வாசனைச் சரக்கு. சூடான கம்பிச்சுருள் இதை ஆவியாக்க, அது குளிர்ந்து நுண்ணிய துளிகளாகிறது. இழுப்பவர் உள்ளே நிறுத்தியது போக மிச்சம் பக்கத்தில் இருப்பவருக்கு. அந்த வெண்மேகம் சில நொடிகளில் மறைந்துவிடுவதுதான் ஆளை ஏமாற்றுகிறது. துளிதான் மறைகிறது; நிகோட்டின் காற்றிலும் சுவரிலும் சோபாவிலும் தங்குகிறது.

உடம்புக்குள் போகிறதா? பார்சிலோனாவில் இதைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். புகைப்பவரோ வேப் ஊதுபவரோ உள்ள வீடுகளிலும், இருவருமே இல்லாத வீடுகளிலும், புகைக்காதவர்களின் உமிழ்நீரில் கோட்டினினை அளந்தார்கள். நிகோட்டினை உடம்பு சிதைக்கும்போது உண்டாகும் பொருள் அது. சிகரெட் வீட்டுக் காற்றில் இருந்த நிகோட்டின், வேப் வீட்டில் இருந்ததைப்போல ஏறக்குறைய 6 மடங்கு. உமிழ்நீரிலோ வித்தியாசம் 2 மடங்குதான். அதாவது, காற்றைப் பார்த்துக் கணக்குப் போட்டால் உடம்பில் சேர்வதைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். இந்த ஆய்வில் வேப் வீடுகள் ஐந்தே ஐந்து என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய கணக்கு அமெரிக்காவிலிருந்து 2024-ல் வந்தது. 3 முதல் 11 வயதுவரையிலான 1,777 குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். வீட்டில் வேப் புகைக்கு ஆளான குழந்தைகளிடம் இருந்த கோட்டினின், சிகரெட் புகைக்கு ஆளானவர்களைவிட 84 சதவீதம் குறைவு. வேப்காரர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டுமே இல்லாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் அதே அளவு ஏறக்குறைய 5 மடங்கு! சிகரெட்டைவிடக் குறைவு என்பது உண்மை. ஒன்றுமே இல்லை என்பது பொய்.

"என்னோடது நிகோட்டின் இல்லாதது" என்பார்கள் சிலர். இந்தியாவில் 2019 முதல் வேப் விற்பனைக்கே தடை. திருட்டுத்தனமாக வருகிற குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பியா குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைப்பீர்கள்?

கர்ப்பிணி, கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர் இருக்கும் அறையிலும் காரிலும் ஊத விடாதீர்கள். ஜன்னலைத் திறந்தால் போதும் என்று சமாதானமாகாதீர்கள். மாப்பிள்ளையோ மேலதிகாரியோ, யாராக இருந்தாலும் "வெளியே போய் ஊதிட்டு வாங்க" என்று கூசாமல் சொல்லுங்கள்.