நீட் எழுதாமலும் மருத்துவத் துறைக்குள் நுழையலாம்



உயிரியல் படித்துவிட்டு நீட்டில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு வீட்டில் இரண்டே வழிகள் சொல்லப்படுகின்றன: இன்னொரு வருடம் கோச்சிங், அல்லது ஏதாவது ஒரு பி.எஸ்சி. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. ஸ்கேன் எடுப்பவர், டயாலிசிஸ் பார்ப்பவர், அறுவை அரங்கில் கருவிகளைக் கையாள்பவர் எல்லோரும் அதற்கென்றே படித்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் இந்தத் துணை மருத்துவ பி.எஸ்சி. படிப்புகளுக்கு மருத்துவத் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடத்தி வருகிறது. மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. விதிகள் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டுக் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கடைத்தெரு மாடியில் வாடகைக்கு இடம் பிடித்து, “பாராமெடிக்கல் டிப்ளமோ, நூறு சதவீத வேலை” என்று பலகை மாட்டுகிறார்கள். அங்கே மூன்று கேள்விகள் கேளுங்கள். சான்றிதழ் தருவது யார்? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம்? அனுமதிக் கடிதத்தின் நகலைத் தருவீர்களா? பட்டம் என்றால், அந்தக் கல்லூரியோடு அந்தப் படிப்பும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலோ, வேறு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டியலிலோ இருக்க வேண்டும். ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயரில் சான்றிதழ் என்றால் பணம் கட்டாதீர்கள்.

அடுத்த சிக்கல், கலந்தாய்வு தாமதமாக வருவது. அதற்குள் பயந்துபோய் ஒரு கலைக் கல்லூரியில் 80,000 ரூபாய் கட்டிவிடுகிறீர்கள். பிறகு ரேடியோகிராபியில் இடம் கிடைக்கிறது. “கட்டிய பணம் போய்விடுமே” என்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்பு பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையைத் தருகிறது. கல்லூரி அறிவித்த சேர்க்கைக் கடைசி நாள் ஜூலை 31 என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 25-இல் விலகினால் 90 சதவீதம், அதாவது 72,000 ரூபாய் திரும்ப வர வேண்டும். ஆகஸ்ட் 10-இல் விலகினால் 64,000. ஆகஸ்ட் 25-இல் 40,000. கடைசி நாள் முடிந்து 30 நாள் கடந்துவிட்டால் கட்டணம் திரும்பாது. காப்புத்தொகையை மட்டும் கேட்கலாம். சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவித்திருக்கிறது; அந்த ஆண்டுச் சுற்றறிக்கையையும் பாருங்கள்.

விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். அசல் மதிப்பெண் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை. மறுத்தால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவிடமும், அங்கே தீராவிட்டால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடுங்கள். யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம். கட்டண ரசீது, விலகல் கடிதத்தின் நகல் இரண்டும் கையில் இருந்தால்தான் புகார் நிற்கும். ஆகவே ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.