ஐயத்துக்குரிய இலக்கமும் அலுவலரின் பார்வையும்

காசோலையைத் தாளாக அனுப்பாமல் படிமமாக அனுப்பித் தீர்வு செய்யும் முறை, 2008 பிப்ரவரி 1 அன்று தில்லி தலைநகர் வட்டாரத்தில் தொடங்கியது. கையால் எழுதிய தொகையை அத்தகைய படிமத்திலிருந்து மென்பொருளும் படிக்க இயலும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் அது ஓர் உறுதி அளவைத் தரும்.

லக்ஷ்மிபாய் நகரில் ஒருவர் ₹17,500-க்குக் காசோலை எழுதுகிறார் எனக் கொள்வோம். முதல் இலக்கம் ‘7’ போலவும் தோன்றுகிறது. மென்பொருள் அதனை ‘1’ என 58 விழுக்காடும், ‘7’ என 41 விழுக்காடும் மதிப்பிடுகிறது. வரம்பு 98 விழுக்காடு எனில், அது ஊகித்து ஏற்காது. காசோலை சரிபார்ப்பு வரிசைக்குச் செல்லும். அங்கே அலுவலர் எழுத்தால் எழுதிய தொகையைப் படித்து முடிவு செய்வார். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவின்படி, இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதிய தொகையே செல்லும்.

வரம்பை உயர்த்தினால் வரிசை நீளும். தாழ்த்தினால் பிழை நுழையும். மென்பொருள் உறுதியோடு தவறாகப் படித்தவையோ வரிசைக்கே வாரா. ஆகவே, தானாகத் தேறியவற்றிலும் சிலவற்றை அலுவலர் மீண்டும் படித்துப் பார்த்தல் வேண்டும். அங்கே காணப்படும் பிழைகளே வரம்பு போதுமா என்பதைக் காட்டும்.

தொகையை எழுத்தால் தெளிவாக எழுதுங்கள். ஐயம் எழும்போது அலுவலர் நாடுவது அதனையே.