நியூயார்க்கில் இப்போது மணி என்ன?

சென்னையில் திங்கள் காலை பத்தரை மணிக்கு ஒரு மெயில் எழுதி முடிக்கிறீர்கள். கோடையில் நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. உடனே அனுப்பினால் அங்கே ஒரு போன் தலைமாட்டில் ஒளிரும். இல்லையென்றால் விடியும்வரை வந்து குவியும் மற்ற மெயில்களுக்கு அடியில் உங்களுடையது புதைந்துபோகும்.

இதற்காகத்தான் ஜிமெயிலில் 2019-இல் ஒரு வசதி வந்தது. அனுப்பும் பொத்தானை ஒட்டியுள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டி, Schedule send என்பதைத் தேர்ந்து, நாளும் நேரமும் குறித்தால் போதும். மெயில் கூகுளின் சர்வரில் காத்திருக்கும். லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.

ஆனால் நீங்கள் குறிக்கும் நேரம் உங்கள் ஊர் நேரம். அங்கே எத்தனை மணி என்று கணக்குப் போடுவது உங்கள் பொறுப்பு. நியூயார்க் கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அவர்களின் காலை 9 மணிக்குப் போய்ச்சேர, கோடையில் நம் மாலை 6.30 என்றும் குளிர்காலத்தில் இரவு 7.30 என்றும் குறிக்க வேண்டும்.

நம் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை என்பதால் இந்த மாற்றம் நமக்கு நினைவில் நிற்காது. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கும். 2026-இல் மார்ச் 8 அப்படியொரு ஞாயிறு. அதற்கு முந்தைய வெள்ளியன்று ஒருவர் விற்பனைக் கணக்கை எழுதி, குளிர்காலப் பழக்கத்தில் திங்கள் இரவு 7.30 என்று குறித்து வைத்தால், அது நியூயார்க்கில் காலை 10 மணிக்குத்தான் போய்ச்சேரும். அந்தக் கணக்கை வைத்து அங்கே 9.30-க்குக் கூட்டம் என்றால், அது இல்லாமலே கூட்டம் தொடங்கியிருக்கும். லண்டன் கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு. இரண்டு ஊருக்கும் மெயில் எழுதுபவர்கள் அந்த இடைப்பட்ட வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, வாசகத்தில் ‘இன்று’, ‘நாளை’ வேண்டாம். வெள்ளியன்று எழுதிய ‘நாளை’ திங்களன்று வாசிப்பவருக்குச் செவ்வாய். ‘மார்ச் 10, செவ்வாய், உங்கள் நேரம் காலை 11’ என்று எழுதினால் குழப்பமே வராது. இடையில் அவரே பதில் அனுப்பிவிட்டாலும் உங்கள் பழைய மெயில் குறித்த நேரத்தில் தானாகவே போய்விடும். கேள்விக்கு விடை சொன்ன பிறகு அதே கேள்வி வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? Scheduled பகுதியைத் திறந்து Cancel send கொடுத்தால் மெயில் வரைவுக்குத் திரும்பிவிடும். திருத்தி மறுபடி நேரம் குறிக்கலாம்.

கணினியில் நிறுவிய பழைய அவுட்லுக்கில் ஐமேப் வழியாக மெயில் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. நேரம் குறித்த மெயில் அவர்கள் கணினியின் அவுட்பாக்ஸிலேயே இருக்கும். அந்த நேரத்தில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் அது கிளம்பும்.