‘தயவுசெய்து’ இல்லாத செய்திகள்

ஹெல்சிங்கியில் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு அவருடைய கைபேசியில் ஃபின்லாந்துக்காரச் சக ஊழியரிடமிருந்து ஒரு செய்தி: “மொய்! அறிக்கையை வெள்ளிக்கிழமை அனுப்ப முடியுமா? நன்றி.” அவ்வளவுதான். நலம் விசாரிப்பு இல்லை, ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ இல்லை. இவர் நலம் விசாரித்து, வேலைப் பளுவை விளக்கி, அறிக்கை தாமதமானதற்கு வருந்தி மூன்று பத்தி எழுதி அனுப்புகிறார். பதில் வருகிறது: “யெப்.” இவருக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. என்ன தப்பு செய்தோம்?

எதுவும் செய்யவில்லை. எழுதியவர் கோபமாகவும் இல்லை, அவசரத்திலும் இல்லை. அவருடைய மொழியின் கணக்கில் அந்தச் செய்தி மரியாதையானதுதான். அந்த மரியாதை மொழிபெயர்ப்பில் தெரிவதில்லை என்பதே சிக்கல்.

ஃபின்னிய மொழியில் ‘தயவுசெய்து’ என்பதற்கு நேரான, எங்கும் பொருந்துகிற ஒற்றைச் சொல் கிடையாது. காப்பிக் கடையில் “காஹ்வி, கீதோஸ்” என்பார்கள். ‘காப்பி, நன்றி’ என்று பொருள். கேட்கும்போதே நன்றியைச் சேர்த்துவிடுவதால் வேண்டுகோளும் அதிலேயே அடங்கிவிடுகிறது. மீதிப் பணிவைச் சுமப்பது வினைச்சொல். மேலே உள்ள செய்தியில் ‘முடியுமா’ என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது ‘வொய்சித்கோ’. அதைப் பிரித்துப் பார்த்தால் முதலில் ‘முடி’ என்ற பொருளுள்ள வேர், அடுத்து ‘இசி’, பிறகு ‘நீ’யைக் குறிக்கும் ஒரு ‘த்’, கடைசியில் நம்முடைய ‘ஆ’வைப் போலக் கேள்வியாக்கும் ‘கோ’. நடுவில் நிற்கும் அந்த ‘இசி’தான் குழைவு. ‘ஒருவேளை உன்னால் ஆகுமானால்’ என்ற தொனி முழுவதையும் அது ஒன்றே தருகிறது. ஒட்டுகளை அடுக்கிச் சொல் கட்டும் மொழியில் பிறந்த தமிழருக்கு இது எளிதில் விளங்கும். ‘கொடு’வுக்கும் ‘கொடுங்களேன்’ என்பதற்கும் உள்ள தூரத்தை நாமும் சொல்லின் வாலில்தானே வைத்திருக்கிறோம்.

இதே வேண்டுகோளை ஃபின்லாந்துக்காரர் மூன்று படிகளில் சொல்லலாம். ‘லாஹெத்தா’ என்றால் ‘அனுப்பு’. ‘லாஹெத்தாத்கோ’ என்றால் ‘அனுப்புகிறாயா’. ‘லாஹெத்தாய்சித்கோ’ என்றால் ‘அனுப்புவாயா, முடிந்தால்’. மூன்றாவதில் ‘இசி’ வந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு ‘தயவுசெய்து’ சேர்த்தால், ஏற்கெனவே இனிப்புப் போட்ட காப்பியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்ட கதைதான்.

டென்மார்க்கிலும் ‘தயவுசெய்து’ இல்லை. ஆனால் டேனிய மொழி பணிவை வேறிடத்தில் வைத்திருக்கிறது. வினைச்சொல்லின் உள்ளே அல்லாமல், வாக்கியத்தின் நடுவே செருகும் துண்டுச் சொற்களில் அது இருக்கிறது. அவற்றில் முக்கியமானது ‘லீயெ’; பேச்சில் பெரும்பாலும் ‘லீ’ என்று தேய்ந்துவிடும். “அறிக்கையை அனுப்புகிறாயா?” என்ற கேள்வி கொஞ்சம் மொட்டையானது. அதற்குள் ஒரு ‘லீயெ’ விழுந்தால் ‘சின்ன வேலைதான், ஒரு நிமிடத்தில் முடியும்’ என்ற இதம் வந்துவிடும். தமிழில் ‘தண்ணி கொடுங்க’ என்பதைக் ‘கொஞ்சம் தண்ணி கொடுங்க’ என்று சொல்வோமே, அந்தக் ‘கொஞ்சம்’தான் இது. தண்ணீரின் அளவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

‘பாரெ’ என்று இன்னொரு துண்டு உண்டு. ‘எழுது’ என்பது கட்டளை. ‘எழுது பாரெ’ என்றால் ‘தயங்காமல் எழுது, எனக்குச் சிரமமில்லை’ என்ற அழைப்பு. அகராதி இந்தச் சொல்லுக்கு ‘வெறும், மட்டும்’ என்று பொருள் தரும். அதை நம்பி மொழிபெயர்த்தால் ‘வெறுமனே எழுது’ என்ற எரிச்சல் வாக்கியம் கிடைக்கும். அன்பு தடம் தெரியாமல் தொலைந்துபோவது இந்த இடத்தில்தான்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. பணிவாக எழுத நினைக்கும் வெளிநாட்டவர் அகராதியில் ‘தயவுசெய்து’ தேடினால் ‘வென்லிஸ்ட்’ என்ற டேனியச் சொல் கிடைக்கும். பொருள் சரிதான், ‘அன்புடன்’ என்பதிலிருந்து வந்த சொல். ஆனால் அது வாழும் இடம் அறிவிப்புப் பலகையும் கட்டண நினைவூட்டலும். சக ஊழியருக்கு ‘வென்லிஸ்ட் அறிக்கையை அனுப்பவும்’ என்று எழுதினால், அலுவலகச் சுற்றறிக்கை அனுப்பி அதட்டியது போல அவர் காதில் விழும். ஃபின்னிய மொழியில் ‘ஓலே ஹுவா யா’ என்று தொடங்கிக் கட்டளையிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நல்லவராக இருந்து’ என்று பொருள். நண்பரிடம் சொன்னால் அதுவும் விறைப்பாகவே ஒலிக்கும், சில நேரம் பொறுமை இழந்தவர் பல்லைக் கடித்துச் சொல்வது போலவும். மரியாதையைக் கூட்டப் போய்த் தூரத்தைக் கூட்டிவிடுவது இப்படித்தான் நடக்கிறது.

நலம் விசாரிப்பு ஏன் இல்லை? ஃபின்லாந்தில் ‘மிதா கூலூ’ (என்ன சேதி) என்பது பெரும்பாலும் உண்மையான கேள்வி. கேட்டால் பதில் வரும். போன வாரத்து முதுகுவலி வரைக்கும் வரும். அறிக்கை கேட்கும் செய்தியில் அதைச் சேர்த்தால், பதிலைக் காதில் வாங்க நேரமில்லாமலே கேள்வி கேட்டதாகிவிடும். அதனால் கேட்காமல் விடுவதுதான் அங்கே நேர்மை. நேராக விஷயத்துக்கு வருவதை அவர்கள் ‘சூரான் ஆசியான்’ என்று சொல்வார்கள், குறையாக அல்ல.

மரியாதைப் பன்மையும் தேய்ந்துவிட்டது. 1960களின் இறுதியிலிருந்து இரு நாடுகளிலும் ‘நீங்கள்’ வேகமாகப் பின்வாங்கி ‘நீ’ பரவியது. இன்று டென்மார்க்கில் மாணவர் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பார். பழைய மரியாதைச் சொல் அரச குடும்பத்தாரிடம் பேசும்போதும் சில சம்பிரதாயக் கடிதங்களிலும் எஞ்சியிருக்கிறது. மேல்-கீழ் காட்டும் சொற்கள் போனதும், அவற்றோடு கைகோத்து வந்த முன்னுரைகளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

கைபேசிதான் இந்தச் சுருக்கத்தைப் பழக்கியது என்று சிலர் நினைக்கலாம். குறுஞ்செய்திக்கும் இந்த இரு நாடுகளுக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. குறுஞ்செய்தியின் தந்தை என அழைக்கப்படும் ஃபின்லாந்துப் பொறியாளர் மத்தி மக்கோனன், அந்த யோசனையை 1984இல் கோபன்ஹேகனில் ஒரு பீட்சா கடையில் சக பொறியாளர்களோடு பேசியதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 160 எழுத்து வரம்பு எல்லா நாட்டுக்கும் ஒன்றாகத்தானே இருந்தது.

இரு நாடுகளும் ஒன்றுபோல என்று நினைத்துவிடவும் கூடாது. டேனியர்கள் நன்றியைத் தாராளமாகவே சொல்வார்கள். முந்தைய நாள் விருந்துக்குப் போனவர் மறுநாள் ‘நேற்றைக்கு நன்றி’ என்று ஒரு வரி அனுப்புவது அங்கே இயல்பு. செய்தியின் கடைசியில் ‘அன்பான வாழ்த்துகளுடன்’ என்பதன் மூன்று முதலெழுத்துகளை மட்டும் இடுவார்கள். முழுதாக எழுதாமல் சுருக்குவதைச் சில டேனியர்களே ஈரமில்லாதது என்று குறை சொல்வதுண்டு.

அப்படியானால் உண்மையான கோபத்தை எப்படிக் கண்டுகொள்வது? நீளத்தைப் பார்த்துப் பயனில்லை. அதே மனிதரின் பழைய செய்திகளோடு ஒப்பிட வேண்டும். எப்போதும் ‘மொய்’ என்று தொடங்குபவர் அதை விட்டிருக்கிறாரா? வழக்கமாக ‘இசி’ சேர்ப்பவர் வெறும் ‘லாஹெத்தா’வுக்கு இறங்கிவிட்டாரா? ‘லீயெ’ இருந்த இடத்தில் திடீரென்று ‘வென்லிஸ்ட்’ வந்து நிற்கிறதா? இவற்றில் ஒன்று நடந்திருந்தால் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது நல்லது.

ஹெல்சிங்கிச் செய்தியில் இவை எதுவும் இல்லை. ‘மொய்’ இருக்கிறது, ‘இசி’ இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. அந்த மூன்று பத்திக்குள் அவர் தேடியது அறிக்கை வருமா வராதா என்ற ஒரு சேதியைத்தான். “மொய்! வெள்ளி மதியத்துக்குள் அனுப்பிவிடுகிறேன்” என்று எழுதியிருந்தால் போதும். அதற்கும் “யெப்” என்றுதான் பதில் வந்திருக்கும்.