பன்னிரண்டு மணிக்கும் நிழல் இருப்பது ஏன்?

இரவில் விளக்கை அணைத்து, மேசைமேல் ஒரு பென்சிலை நிறுத்துங்கள். கைப்பேசியின் டார்ச்லைட்டைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் நிழல் சுவர்வரை நீளும். மெல்ல மேலே தூக்கினால் சுருங்கும். நேர் மேலே வந்தால் பென்சிலின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஒளி நேர்கோட்டில்தான் செல்லும், பென்சிலை வளைத்துக்கொண்டு போகாது. நுனியை உரசிச் செல்லும் கதிர் மேசையைத் தொடும் இடத்தில் நிழல் முடிகிறது. கதிர் எவ்வளவு சாய்வாக வருகிறதோ, அந்த இடம் அவ்வளவு தள்ளிப்போகும்.

இனி வெயிலுக்கு வருவோம். மலாக்காவில் மார்ச் 26 வாக்கில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக வரும். அன்று ஜாசினிலோ அலோர் காஜாவிலோ, செம்பனை நிழல் படாத தோட்டத்துத் திடலில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். காலை 9.17க்கு நிழல் சுமார் 1.7 மீட்டர், 10.17க்குக் குச்சியின் அளவே, ஒரு மீட்டர்.

பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அப்போதும் 35 சென்டிமீட்டர் நிழல் மேற்கே விழுந்திருக்கும். குச்சி சாய்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். குச்சியில் குறையில்லை. நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. தீபகற்பம் 1982 தொடக்கத்தில் அதற்கு மாறியது. மலாக்காவோ 102 பாகையை ஒட்டி இருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வர அன்று மதியம் 1.17 ஆகிவிடும். நிழல் மறைவது அப்போதுதான்.

ஜூனில் உச்சிவேளையிலும் சுமார் 39 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் அது வடக்கே திரும்பிவிடும்.