டெமோ கேட்கும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

மதுரையில் ஒரு மருந்து மொத்த வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்றுமுதல் 6 கோடி, எட்டாயிரம் அயிட்டம், 11 ஊழியர்கள். பழைய பில்லிங் மென்பொருள் திணறுகிறது. புதியதை விற்கும் நிறுவனத்துக்கு "உங்கள் சாப்ட்வேருக்கு ஒரு டெமோ வேண்டும்" என்று ஒற்றை வரியில் வாட்ஸ்அப் அனுப்புகிறார். மறுநாள் ஒருவர் லேப்டாப்புடன் வந்து, இருபது மாதிரி அயிட்டங்களை வைத்து வண்ண வண்ண கிராஃப் காட்டிவிட்டுப் போகிறார். எல்லாமே பிரமாதமாகத்தான் ஓடும், ஏனென்றால் கேள்வித்தாளைத் தயாரித்தவரும் விற்பவரே.

வியாபாரி தன் தேவையை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தால் டெமோ வேறு மாதிரி இருந்திருக்கும். கட்டாயம் வேண்டிய வசதிகள், எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம்.

'இது இல்லையென்றால் வாங்க மாட்டேன்' என்று சொல்லக்கூடியதே கட்டாய வசதி. அது ஐந்தாறைத் தாண்டினால் ஆசைப் பட்டியலாகிவிடும். "ஸ்டாக் நிர்வாகம் வேண்டும்" என்று எழுதினால் எல்லா நிறுவனமும் "இருக்கிறது" என்றுதான் பதில் போடும். கடையில் நடப்பதை அப்படியே எழுதுவது நல்லது: "10 ஸ்டிரிப் வாங்கினால் 1 இலவசம். விலை 110 ரூபாய். கொள்முதல் பதிவு செய்ததும் ஸ்டாக்கில் 11 இருக்க வேண்டும், ஒரு ஸ்டிரிப்பின் அடக்கவிலை 100 ரூபாய் என்று வர வேண்டும். இதை டெமோவில் செய்து காட்டுங்கள்." இலவச ஸ்டிரிப்பைத் தனியாகப் பூஜ்ய விலையில் போட்டு, மற்ற பத்தையும் 110 ரூபாயிலேயே வைத்திருந்தால், மாதக் கடைசியில் லாபக் கணக்கு அயிட்டத்துக்கு அயிட்டம் முன்பின்னாகத் தெரியும். கிராஃப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதேபோல, ஒரே மருந்து இரண்டு பேட்ச்சில் இருக்கும்போது எக்ஸ்பயரி முன்னால் வருவதைத்தான் பில்லில் முதலில் எடுக்க வேண்டும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் பிற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஆகவே இவர் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இப்போதே இருக்கிறது, கூடுதல் பணம் கட்டினால் கிடைக்கும், இல்லை' என்ற மூன்றில் ஒரு பதிலை எழுத்தில் கேட்க வேண்டும். "அடுத்த வெர்ஷனில் வருகிறது" என்றால் 'இல்லை' என்றே குறித்துக்கொள்ளலாம்.

எத்தனை பேர் என்பதில்தான் பணம் அதிகம் நழுவுகிறது. ஊழியர்கள் 11 பேர் என்றாலும் ஷிப்ட், லைன் என்று பிரிந்து போவதால் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் முன் இருப்பது 6 பேர்தான். சில நிறுவனங்கள் ஆளுக்கொரு லாகினுக்குக் காசு வாங்கும். வேறு சில, ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கும். மாதம் ஒருவருக்கு 600 ரூபாய் என்று வைத்தால், 11 பேருக்கு ஆண்டுக்கு 79,200 ரூபாய், 6 பேருக்கு 43,200 ரூபாய். ஆகவே "மொத்தம் 11 பேர், ஒரே நேரத்தில் அதிகபட்சம் 6, அடுத்த ஆண்டு இரண்டு பேர் கூடலாம்" என்று எழுத வேண்டும். ஆளுக்கொரு லாகின் முறையில் காசு குறைக்கிறோம் என்று இரண்டு பேர் ஒரே லாகினைப் பகிர்ந்தால், தவறான பில்லைப் போட்டது யார் என்று பிறகு தெரியாது.

பட்ஜெட்டைச் சொன்னால் அதற்கே விலையை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் சொல்லாமல் விட்டால், நம் கைக்கு எட்டாத சாமானைப் பார்த்து ஒரு நாள் வீணாகும். இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பி, அந்த விஷயத்தை அதிலேயே குறிப்பிட்டால் விலை தானாக அடங்கும். தொகையை எழுதும்போது எதெல்லாம் அதற்குள் அடக்கம் என்பதையும் எழுத வேண்டும்: "முதல் ஆண்டு 1,50,000 ரூபாய்க்குள். பழைய டேட்டாவை மாற்றுவது, ஊழியர் பயிற்சி, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து. இரண்டாம் ஆண்டிலிருந்து 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது." இரண்டாம் ஆண்டுத் தொகை இல்லாத கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

டெமோ நாளில் சொந்த அயிட்டம் பட்டியலை எக்ஸெலில் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். எட்டாயிரம் அயிட்டத்துடன் பில் போடும்போது எத்தனை விநாடி யோசிக்கிறது என்று பாருங்கள். பில் போடும் ஊழியரையே கீபோர்டில் உட்கார வையுங்கள், விற்பவரின் கை வேகம் நமக்கு உதவாது. கடைசியாக, ஏற்றிய அத்தனையையும் திரும்ப எக்ஸெலாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நாளை வேறு மென்பொருளுக்கு மாற நேர்ந்தால், கையில் இருக்கப்போவது அந்த ஃபைல்தான்.